ஆடிட்டர் ஆபீஸிலிருந்து ஏற்றுமதி கம்பெனிக்கு: கவரிங் மெயிலில் எதைச் சொல்வது?

"அண்ணே, ராமநாதபுரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஏழு வருஷமா இருக்கேன். சி.ஏ. இன்டர் முடிச்சிருக்கேன். மண்டபத்தில் ஒரு கடல் உணவு ஏற்றுமதி கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் மேனேஜர் வேலைக்கு ஆள் கேட்கிறாங்க, ரெசுமேயை மெயிலில் அனுப்பச் சொல்றாங்க. கவரிங் மெயிலில் பார்த்த வேலை எல்லாத்தையும் போட்டா ஒரு பக்கம் தாண்டுது. டேலி, எக்செல் தெரியும். ஒரு ஏற்றுமதி கிளையன்டுக்கு ஜிஎஸ்டி ரீஃபண்ட் விண்ணப்பம் அடிக்கடி திரும்பி வந்துக்கிட்டிருந்தது, நான் ஒரு செக் ஷீட் போட்டதுக்கு அப்புறம் நின்னுச்சு. இதைச் சொல்லலாமா? எப்படிச் சொல்றது?"

தம்பி, அந்த ரீஃபண்ட் விஷயம்தான் உங்கள் மெயில். மற்றதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் நாலு நாலு வரி. ஏழு வருட வேலையின் பட்டியல் ரெசுமேயில் இருக்கட்டும், மெயிலுக்கு வேண்டாம்.

முதலில் இந்த மெயிலை யார் படிப்பார்கள் என்று பாருங்கள். நம் கரையில் இருக்கும் கம்பெனிகள் பெரும்பாலும் குடும்பக் கம்பெனிகள். முதலாளி படகு, ஐஸ், ஏலம் என்று தொழிலில் வளர்ந்தவராக இருப்பார். மெயிலை போனில்தான் திறப்பார். முதல் மூன்று நான்கு வரி பிடித்திருந்தால், "இந்தப் பையன் எப்படி என்று பாருங்க" என்று தன் ஆடிட்டருக்கு அதை அப்படியே ஃபார்வர்டு செய்வார். ஆக, ஒரே மெயிலை இரண்டு பேர் படிக்கிறார்கள். முதலாளிக்கு வேண்டியது பணம் எப்போது வரும், எங்கே மாட்டிக்கொள்ளும் என்ற விஷயம். அவருடைய ஆடிட்டர் பார்ப்பது நீங்கள் சொல்வதில் பொய் இருக்கிறதா என்பதை. மேலே முதலாளிக்கும் கீழே ஆடிட்டருக்கும் என்று எழுதினால் போதும்.

முதலாளிக்கு உங்கள் மேல் ஒரே ஒரு சந்தேகம்தான் இருக்கும். ஆடிட்டர் ஆபீஸ் ஆள் நடந்து முடிந்ததைத்தான் பார்ப்பான், நடக்கும்போது தடுக்க மாட்டான் என்பது. இது நியாயமான சந்தேகம். கன்டெய்னர் தூத்துக்குடிக்குப் போவதற்கு முன்னால் கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஷிப்பிங் பில்லின் செக்லிஸ்ட்டை மெயிலில் அனுப்பி ஓகே கேட்பார். ஏற்றுமதிச் சரக்கில் ஏறிய வரிகளைத் திருப்பித் தரும் ரோட்டெப் சலுகை வேண்டும் என்ற அறிவிப்பு அதில் ஒவ்வொரு அயிட்டத்துக்கும் இருக்க வேண்டும். அதை அப்போதே பார்த்தால் ஒரு நிமிட வேலை. பார்க்காமல் ஓகே சொல்லிவிட்டால், கப்பல் போன பிறகு சுங்க அலுவலகத்தில் திருத்தம் கேட்டு அலைய வேண்டும். ஆடிட்டர் ஆபீஸுக்கு இந்தக் காகிதம் அடுத்த மாதம்தான் வந்து சேரும். கம்பெனிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு அன்று மாலையே வரும். நீங்கள் ஏன் இடம் மாறுகிறீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது. "வளர்ச்சிக்காக", "புதிய சவாலுக்காக" என்றெல்லாம் எழுதினால், சம்பளம் பத்தவில்லை என்றுதான் அவர் படித்துக்கொள்வார்.

சரி, ரீஃபண்டுக்கு வருவோம். நீங்கள் சொன்ன ஒற்றை வரி இப்போதைக்கு ஒரு சாதனையாகத் தெரியவில்லை. ஏன் திரும்பி வந்தது, நீங்கள் எதை மாற்றினீர்கள், அதனால் எவ்வளவு நாள் மிச்சமானது என்ற மூன்றும் அதில் இல்லை. இவற்றை உட்கார்ந்து எடுக்க வேண்டும். உங்கள் எண்கள் எனக்குத் தெரியாது, அதனால் ஒரு உதாரணக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.

மீனவர்களிடம் வாங்கும் பச்சை மீனுக்கு வரி இல்லை. ஆனால் அட்டைப்பெட்டி, பாலித்தீன், லாரி வாடகை, குளிர்சாதன பராமரிப்பு, ஏஜென்ட் கட்டணம் எல்லாவற்றிலும் ஜிஎஸ்டி கட்டியாகிறது. சரக்கை எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுத்து வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதால் இந்த உள்ளீட்டு வரி கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். அதைத்தான் RFD-01 போட்டு திரும்பக் கேட்கிறோம். எவ்வளவு கேட்கலாம் என்பதற்கு விதி 89(4) ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. ஏற்றுமதி விற்றுமுதலை நிகர உள்ளீட்டு வரியால் பெருக்கி, சரிசெய்த மொத்த விற்றுமுதலால் வகுக்க வேண்டும்.

ஒரு காலாண்டில் ஏற்றுமதி 1 கோடியே 80 லட்சம், உள்ளூரில் வரியோடு விற்றது 20 லட்சம் என்று வையுங்கள். மொத்தம் 2 கோடி. புத்தகத்தில் உள்ள உள்ளீட்டு வரி 6,40,000. இதில் புதிதாக வாங்கிய கம்ப்ரஸருக்குக் கட்டிய வரி 1,40,000 இருக்கிறது. அது மூலதனப் பொருள், ரீஃபண்ட் சூத்திரத்தில் சேராது. அதைக் கழித்தால் நிகர உள்ளீட்டு வரி 5,00,000. பத்தில் ஒன்பது பங்கு ஏற்றுமதி என்பதால் கேட்கக்கூடியது 4,50,000. கம்ப்ரஸரைக் கழிக்க மறந்தால் 5,76,000 என்று வரும். அந்த 1,26,000 அதிகத்துக்கு RFD-08 நோட்டீஸ் வரும், பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

உங்களுக்குத் திரும்பி வந்ததாகச் சொல்வது இதுவாக இருக்காது. விண்ணப்பத்தையே ஏற்காமல் RFD-03 என்ற குறைபாட்டுக் குறிப்போடு திருப்புவார்கள், அதுவாகத்தான் இருக்கும். அப்படித் திரும்பினால் குறையைச் சரிசெய்து புதிதாக ஒரு விண்ணப்பமே போட வேண்டும். காரணங்கள் பெரும்பாலும் எழுத்து வேலைதான். ஸ்டேட்மென்ட் 3-இல் ஷிப்பிங் பில் எண்ணும் தேதியும் தப்பாக இருக்கும், அல்லது கப்பல் கிளம்பியதற்கான இஜிஎம் விவரம் விட்டுப்போயிருக்கும். சப்ளையர் ரிட்டர்ன் போடாததால் GSTR-2B என்ற போர்ட்டல் பட்டியலில் வராத பில்லை நம் புத்தகத்தில் இருக்கிறதென்று சேர்த்திருப்பார்கள். ஏற்றுமதி மதிப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. இன்வாய்ஸ் மதிப்பில் கடல் சரக்குக் கூலியும் இன்சூரன்ஸும் சேர்ந்திருக்கும், ஷிப்பிங் பில்லில் எஃப்ஓபி தனியாக இருக்கும். இரண்டில் எது குறைவோ அதைத்தான் எடுக்க வேண்டும் என்று 2022 ஜூலையில் விதியிலேயே விளக்கம் சேர்த்துவிட்டார்கள். பல பேர் இன்னும் இன்வாய்ஸ் மதிப்பையே போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எக்செலில் இது ஒரு வரிதான்:

```
=MIN(D2,E2)
```

D-யில் எஃப்ஓபி, E-யில் இன்வாய்ஸ் மதிப்பு. ஃபார்முலா சின்னது என்று கூச்சப்பட வேண்டாம். எந்த இடத்தில் அதைப் போட வேண்டும் என்று தெரிந்ததுதான் உங்கள் வேலை.

இப்போது முக்கியமான இடம். இந்தக் கதையை மெயிலில் எழுதும்போது நிறையப் பேர், "கிளையன்டுக்கு 4.5 லட்சம் மிச்சப்படுத்தினேன்" என்று போடுவார்கள். முதலாளி ஒருவேளை மயங்கலாம். அவருடைய ஆடிட்டர் சிரித்துவிடுவார். அந்த 4.5 லட்சம் முதலிலிருந்தே கம்பெனியின் பணம். நீங்கள் இல்லாவிட்டாலும் இரண்டு வருடக் காலக்கெடுவுக்குள் சரியாகக் கேட்டால் வந்திருக்கும். நீங்கள் கொடுத்தது நேரத்தை. நான்கு மாதம் முன்னதாக வந்தது என்றால், கம்பெனி வங்கிக்கடனுக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் வட்டி கட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், மிச்சம் 15,000 ரூபாய். ஒரு காலாண்டுக்கு அவ்வளவுதான். தொகை சின்னதாகத் தெரிகிறது, ஆனால் உண்மை. வட்டியைவிட, பணம் எந்த மாதம் வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்ததுதான் முதலாளிக்குப் பெரிய விஷயம். ஆகவே ரூபாயை விட்டுவிட்டு எத்தனை விண்ணப்பத்தில் எத்தனை திரும்பியது, பணம் வர எவ்வளவு நாளானது என்ற இரண்டை மட்டும் எழுதுங்கள். முதல் தடவை விண்ணப்பித்த நாளிலிருந்து வங்கியில் பணம் விழுந்த நாள் வரை எண்ணுங்கள். திரும்பிய விண்ணப்பத்தை விட்டுவிட்டு இரண்டாவது விண்ணப்பத்திலிருந்து எண்ணினால் பழைய நிலைமை உண்மையைவிட நன்றாகத் தெரியும், உங்கள் வேலை காணாமல் போய்விடும்.

உங்கள் பங்கு எது, ஆபீஸின் பங்கு எது என்பதையும் பிரித்துச் சொல்லுங்கள். ஷீட் உங்களுடையது, கடைசிப் பார்வை உங்கள் ஆடிட்டருடையது என்றால் அப்படியே எழுதலாம். மரியாதை குறையாது, கூடத்தான் செய்யும். எல்லாம் நானே என்று எழுதும் ஜூனியரை நம்ப ஆள் இல்லை.

ஒரு எச்சரிக்கை, இது நம் ஊருக்கு ரொம்பப் பொருந்தும். கிளையன்ட் பெயரைப் போடக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும். கிளையன்டின் சம்மதம் இல்லாமல் அவர் விவரத்தை வெளியே சொல்வது சி.ஏ. சட்டத்தின் 2-ஆம் அட்டவணையில் தொழில் ஒழுங்கீனமாக இருக்கிறது. நீங்கள் இன்னும் உறுப்பினர் இல்லை, ஆனால் உங்கள் வழியாக விஷயம் போனால் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் ஆடிட்டர். ஆனால் பெயரை மட்டும் மறைத்தால் இங்கே பத்தாது. மண்டபத்துக்கும் தொண்டிக்கும் நடுவில் எத்தனை ஏற்றுமதிக் கம்பெனி இருக்கும்? "பாம்பன் பக்கம் நண்டு ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனம்" என்று எழுதினால் யார் என்று முதலாளிக்கு உடனே தெரிந்துவிடும். பல நேரம் அந்த நிறுவனம்தான் முதலாளியின் போட்டியாளராகவும் இருக்கும். "உணவுப் பொருள் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனம்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். விற்றுமுதல், நாடு, வாங்குபவர் எதுவும் வேண்டாம். செக் ஷீட்டை இணைக்க ஆசையாக இருந்தால், வெற்று ஷீட்டில் கற்பனை எண்களைப் போட்டுப் புதிதாக ஒன்று செய்யுங்கள். பழைய ஃபைலில் பெயரை மட்டும் அழித்து அனுப்பாதீர்கள். மறைத்த நெடுவரிசை ஒன்றிலோ, எக்செல் பவர் கொயரியின் சோர்ஸ் வழியிலோ கிளையன்ட் பெயர் அப்படியே இருக்கும்.

நேர்முகத்தில், "அந்தக் கம்பெனி எந்த விலைக்குப் போடுது தம்பி?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். சொல்ல முடியாது என்று நீங்களும் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். நாளைக்குத் தன் விலையையும் இப்படித்தான் காப்பாற்றுவான் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

டேலி, எக்செல் பற்றி. "டேலி, எக்செல், ஜிஎஸ்டி போர்ட்டல் நன்கு தெரியும்" என்று ஒரு வரி எல்லார் மெயிலிலும் இருக்கிறது, யாரும் அதைப் படிப்பதில்லை. கருவியைத் தனியாகச் சொல்லாமல், அதை வைத்துச் செய்த காரியத்துக்குள் சொல்லிவிடுங்கள். சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் இறக்கிய ஷிப்பிங் பில் பட்டியல், டேலியிலிருந்து எடுத்த விற்பனைப் பதிவேடு, GSTR-2B மூன்றையும் பவர் கொயரியில் சேர்த்து, பொருந்தாதவற்றை மட்டும் தனித் தாளில் வரவைத்தேன் என்றால் நாலு கருவியும் வந்துவிட்டது, வேலையும் தெரிந்துவிட்டது. செய்யாததைப் போடாதீர்கள். டேலியில் டாலர் பில்லைப் பில்வாரியாக வைத்து, வங்கியில் விழுந்த ரூபாயோடு பொருத்தி, மாற்று விகித வித்தியாசத்தை எடுத்த அனுபவம் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், அதுதான் இவர்களுக்கு அன்றாட வேலை. இல்லையென்றால் விட்டுவிடுங்கள். முதல் நாளே அதைத்தான் கையில் கொடுப்பார்கள்.

இனி உங்களிடம் இல்லாதது. இதை மறைப்பதைவிட ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். எல்லாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து வருபவருக்கு ஆலைக்குள் நடக்கும் காஸ்டிங் தெரியாது என்பது முதலாளிக்கு முன்பே தெரியும். நீங்களே சொல்லிவிட்டால், எது தெரியாது என்று தெரிந்தவன் என்ற பேராவது கிடைக்கும்.

இங்கே காஸ்டிங் என்றால் யீல்டு. 100 கிலோ இறாலைக் கிலோ 300 ரூபாய்க்கு வாங்கினால் 30,000. தலையை எடுத்த பிறகு 60 கிலோ நின்றால், கூலியும் ஐஸும் சேர்க்கும் முன்பே கிலோ 500 ஆகிவிட்டது. 58 கிலோதான் நின்றது என்றால் 517. இரண்டு கிலோ குறைந்ததில் கிலோவுக்குப் பதினேழு ரூபாய் போய்விட்டது. சரக்கின் தரமா, எடை போட்ட இடமா, தரையில் போனதா என்று அன்றைக்கே கேட்டால்தான் பதில் கிடைக்கும். வருடக் கடைசியில் லாப நட்டக் கணக்கில் இது மொத்த லாப சதவீதமாகக் கலங்கிப்போய்த்தான் தெரியும். நீங்கள் இதுவரை பார்த்தது அந்தச் சதவீதத்தை. இதைப் புரிந்துகொண்டு ஒரு வரி எழுதினால் போதும், பாடம் நடத்த வேண்டாம்.

அதற்கு முன் அந்தக் கம்பெனி எதைப் பதப்படுத்துகிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கொண்டுவரும் இறாலையும் கணவாயையும் நம்பிய கம்பெனிக்கு அந்த இரண்டு மாதமும் வரத்து படுத்துவிடும். குளிர்கிடங்கில் இருக்கும் ஸ்டாக் கரையும். ஸ்டாக் கரைந்தால் வங்கிக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் மதிப்பு குறையும், அதோடு எடுக்கக்கூடிய கடன் வரம்பும் குறையும். கரன்ட் பில்லும் சம்பளமும் மட்டும் அப்படியே நிற்கும். அதே நேரத்தில், தடை முடிந்து கடலுக்குப் போகும் படகுகளுக்கு முன்பணம் கேட்டு ஆள் வந்து நிற்பார்கள். ரீஃபண்ட் மே மாதத்தில் விழுவதற்கும் ஆகஸ்டில் விழுவதற்கும் வித்தியாசம் அப்போதுதான் புரியும். தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகுக்கு இல்லை. நாட்டுப்படகு வலையில் வரும் நண்டை வாங்கும் கம்பெனியாக இருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி. தெரியாமல் தடைக்காலம் என்று எழுதிவிட்டு, அவர் நண்டுக் கம்பெனியாக இருந்தால் அசடு வழியும்.

மெயிலைத் தமிழில் எழுதிக் காட்டுகிறேன். உங்கள் கம்பெனிக்கு ஆங்கிலத்தில்தான் போகும் என்றாலும், விஷயம் தமிழில் தெளிவாகிவிட்டால் ஆங்கிலம் தானாக வரும். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்களுடையதை எடுத்துப் போடுங்கள். இறால் கம்பெனி என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பொருள்: அக்கவுன்ட்ஸ் மேனேஜர் பணி – ஏற்றுமதி ஜிஎஸ்டி ரீஃபண்டில் அனுபவம், அக்டோபரில் சேரலாம்

ஐயா, வணக்கம்.

மண்டபம் ஆலையின் அக்கவுன்ட்ஸ் மேனேஜர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். ராமநாதபுரத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஏழு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஏற்றுமதி நிறுவனங்களின் ஜிஎஸ்டி ரீஃபண்டைச் சரியான நேரத்தில் வரவைப்பது என் முக்கிய வேலை.

நான் பார்த்துவரும் ஓர் உணவுப் பொருள் ஏற்றுமதி நிறுவனத்தில், ஓராண்டில் போட்ட நான்கு ரீஃபண்ட் விண்ணப்பங்களில் மூன்று RFD-03 குறிப்போடு திரும்பின. ஷிப்பிங் பில் விவரமும் புத்தகமும் பொருந்தாததும், GSTR-2B-இல் இல்லாத பில்கள் சேர்ந்ததும் காரணம். ஐஸ்கேட் பட்டியல், டேலி விற்பனைப் பதிவேடு, GSTR-2B மூன்றையும் எக்செல் பவர் கொயரியில் ஒப்பிடும் ஒரு தாளை அமைத்தேன். மாதம் முடிந்ததும் அந்த நிறுவனத்தின் கணக்கரே அதை ஓட்டிப் பார்க்கும்படி பழக்கினேன். அடுத்த ஆண்டு போட்ட நான்கும் முதல் தடவையே ஏற்கப்பட்டன. முதலில் விண்ணப்பித்த நாளிலிருந்து பணம் வர ஆறு மாதம் ஆனது, இப்போது இரண்டு மாதத்துக்குள் வருகிறது. தாளும் ஒப்பீடும் என் வேலை. இறுதிச் சரிபார்ப்பு எங்கள் ஆடிட்டருடையது.

இந்தத் தவறுகளை ஒரு மாதம் கழித்துப் பார்க்கும் இடத்தில் இப்போது இருக்கிறேன். ஷிப்பிங் பில் போகும் முன்பே பார்க்கும் இடத்துக்கு வர விரும்புகிறேன். ஆலைக்குள் யீல்டு காஸ்டிங்கை நேரடியாகச் செய்ததில்லை. ஆண்டுக் கடைசி ஸ்டாக் எடுப்புகளில் இருந்திருக்கிறேன், லாட் வாரியாக எடையைத் தொடர்ந்து பார்ப்பதை முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்ள வேண்டும் என்று தெரியும்.

கையிலுள்ள வரித் தணிக்கை அறிக்கைகளை செப்டம்பர் 30-க்குள் முடித்துக்கொடுத்து, அக்டோபர் முதல் வாரத்தில் சேர முடியும். ரெசுமே இணைத்துள்ளேன். மாலை ஆறு மணிக்கு மேல் போனில் பேச வசதி.

இவ்வளவுதான் மெயில். போனில் இரண்டு தடவை தள்ளினால் முடிந்துவிடும். ஸ்டாக் எடுப்புக்கு நீங்கள் போனதே இல்லை என்றால் அந்த வரியைத் தூக்கிவிடுங்கள். எந்தக் குளிர்கிடங்கு, மைனஸ் எத்தனை டிகிரி, எத்தனை நேரம் உள்ளே நின்றாய் என்று கேட்பார்கள், போகாதவனால் பதில் சொல்ல முடியாது.

பொருள் வரியில் சேரும் மாதத்தைப் போட்டதற்குக் காரணம் உண்டு. ஆடிட்டர் ஆபீஸ் ஆள் செப்டம்பரில் பாதியில் விட்டுவிட்டு வருகிறேன் என்றால் முதலாளிகள் பயப்படுவார்கள், தன்னையும் மார்ச்சில் இப்படித்தான் விட்டுவிட்டுப் போவான் என்று. அவசரமாக ஆள் வேண்டும் என்று அவர்கள் சொன்னால் அதைப் பேசிக்கொள்ளலாம், மெயிலில் வாக்குக் கொடுக்காதீர்கள். சம்பளம் விளம்பரத்தில் கேட்காதவரை எழுத வேண்டாம். கேட்டிருந்தால் ஒரே எண்ணாகப் போடுங்கள். இத்தனையிலிருந்து இத்தனை வரை என்று எழுதினால் அவர்கள் கண்ணில் கீழ் எண் மட்டும்தான் படும்.

ரெசுமேயை பிடிஎஃப் ஆக மாற்றி, ஃபைல் பெயரில் உங்கள் பெயரையும் பணியையும் வையுங்கள். `resume final new2.docx` என்று ஒரு அக்கவுன்ட்ஸ் ஆளிடமிருந்து வந்தால், லெட்ஜரையும் இப்படித்தான் வைப்பானோ என்று தோன்றும். ஆபீஸ் மெயில் ஐடியிலிருந்து அனுப்பவே அனுப்பாதீர்கள்.

கடைசியாக ஒன்றை அனுப்பும் முன் பாருங்கள். அந்தக் கம்பெனி உங்கள் ஆபீஸின் கிளையன்டா? நேரடியாக இல்லாவிட்டாலும், அவர்களின் ஆடிட்டரும் உங்கள் ஆடிட்டரும் ஒரே கல்யாணத்தில் ஒரே பந்தியில் உட்காருபவர்களாக இருக்கலாம். முதலாளி மெயிலை ஃபார்வர்டு செய்த அன்றே உங்கள் ஆபீஸுக்குப் போன் வந்துவிடும். கிளையன்ட் என்றால், மெயில் அனுப்பும் முன்னாலேயே உங்கள் ஆடிட்டரிடம் நேரில் சொல்லிவிட்டு அனுப்புங்கள். அவர் இன்னும் அதே கம்பெனியின் தணிக்கையில் கையெழுத்துப் போடப் போகிறவர், அந்தக் கோப்பிலிருந்து உங்களை அன்றே மாற்றிவைக்க வேண்டியிருக்கும். கிளையன்ட் இல்லை என்றால், நேர்முகத்துக்குக் கூப்பிட்ட பிறகு சொன்னால் போதும். அதுவரை ரகசியமாக வைத்திருக்க விரும்பினால், என் தற்போதைய அலுவலகத்தை இப்போதைக்குத் தொடர்புகொள்ள வேண்டாம் என்று மெயிலின் கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், பெரும்பாலும் மதிப்பார்கள்.